அழைத்தும் வராதவர்

செயலியிலோ பேஸ்புக்கிலோ அறிமுகமாகிறார். இரண்டு மூன்று கிழமை நன்றாகக் கதைக்கிறார். ‘இனி நேரில் பார்க்கலாமே’ என்று ஒருவர் சொன்னதும் பேச்சு இழுபடத் தொடங்குகிறது. ‘பார்ப்போம்’ என்கிறார். நாள் குறித்தால் முதல் நாள் இரவு ‘நாளைக்கு ஏலாது போல, சொறி’ என்று ஒரு வரி வருகிறது. அடுத்த நாள் காலையில் பழையபடி ‘சாப்பிட்டீங்களா’ என்று விசாரிக்கிறார். இன்னொரு முறை அழைப்பதா, இத்தோடு விடுவதா என்ற கேள்விக்கு மட்டும்தான் இந்த அத்தியாயம்.

நகரத்துக்காரர்களுக்குச் சொல்லப்படும் ஆலோசனை பெரும்பாலும் சுருக்கமானது: இரண்டு முறை ரத்துச் செய்தால் விட்டுவிடு. வெள்ளவத்தையில் இருப்பவர் பம்பலப்பிட்டிக்கு வராவிட்டால் அந்தக் கணக்கு சரிதான். அப்புத்தளைக்கு மேலே ஒரு தோட்டத்து டிவிசனில் இருப்பவர் பண்டாரவளைக்கு வராததை அதே கணக்கில் போட முடியாது. அவர் டிவிசனிலிருந்து றோட்டுக்கு நடந்து வரவேண்டும், தோட்டத்துப் பக்கம் ஓடும் பஸ்ஸைப் பிடித்து டவுனுக்கு வரவேண்டும், அங்கிருந்து இன்னொரு பஸ். திரும்பும்போது கடைசி பஸ் போய்விட்டால் ஆட்டோவுக்குக் கொடுப்பது ஒரு நாள் சம்பளத்தில் பெரும்பங்கைத் தின்றுவிடும். பெண்ணாக இருந்தால் பஸ்ஸின் கண்டக்டருக்கு அவருடைய அப்பாவைத் தெரியும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆகவே நம் பக்கத்தில் எண்ணிக்கையைத் தொடங்குவதற்கு முன் செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. நீங்கள் அனுப்பிய அழைப்பு, அவரால் ஏற்றுக்கொள்ளக்கூடிய அழைப்பாக இருந்ததா என்று பார்க்கவேண்டும்.

ஒரு உதாரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே எடுத்துக்கொள்வோம். ஆட்கள் கற்பனை, நிலைமை கற்பனை அல்ல.

வெலிமடை டவுனில் விதை, உரக் கடையொன்றில் வேலை செய்யும் இருபத்தேழு வயதுப் பையன். அப்புத்தளைப் பக்கத் தோட்டமொன்றின் பிள்ளைக் காம்பராவில் சிறுவர் அபிவிருத்தி அதிகாரியாக இருக்கும் பெண், வயது இருபத்தைந்து. இருவரும் ஒரு மாதமாகக் கதைக்கிறார்கள்.

பையனின் முதல் அழைப்பு இப்படி: ‘ஒரு நாளைக்கு சந்திப்போமா?’ பெண்ணின் பதில்: ‘ஆமா, பாப்போம்.’ பையன் இதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு காத்திருந்தான். ஒன்றும் நடக்கவில்லை. நடக்க வழியும் இல்லை. நாள் இல்லாத கேள்விக்கு நாள் இல்லாத பதில்தான் வரும். இதை அவருடைய தயக்கம் என்று எழுதக்கூடாது. கேட்டவன் எதையும் கேட்கவே இல்லை.

இரண்டாவது அழைப்பு மறுபக்கம் பாய்ந்தது. ‘அடுத்த மாசம் போயாவுக்கு எல்ல போவோம். காலையில ரயில்ல போயி, ஒன்பது வளைவுப் பாலம் பாத்து, சாப்பிட்டு, பின்னேரம் வருவோம்.’ பெண் உடனே ‘சூப்பர், போவோம்’ என்றார். மூன்று கிழமை கழித்து, போயாவுக்கு முதல் நாள் இரவு ஒன்பது மணிக்கு ‘வீட்ல வேலை இருக்கு, ஏலாது’ என்று அனுப்பினார்.

பையனுக்குக் கோபம். ஆனால் இங்கே நடந்தது பொய்யாக இருக்கவேண்டும் என்பதில்லை. கால் சாபர்மன், ஜோன் லின்ச் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2005-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், வருங்காலத்தில் தமக்கு நேரம் தாராளமாக இருக்கும் என்று மனிதர்கள் நம்புவதைக் காட்டினார்கள். காசு விஷயத்தில் அந்த நம்பிக்கை அவ்வளவு இல்லை. நேரம் விஷயத்தில்தான் அது பெரிதாக இருக்கிறது. இன்றைக்கு ஒரு மணித்தியாலம் கேட்டால் யோசிப்பவர், அடுத்த மாதம் ஒரு முழு நாள் கேட்டால் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார். அந்த நாள் நெருங்கும்போதுதான் துவைக்கவேண்டிய துணியும், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகவேண்டிய அம்மாவும், ‘எங்க போற’ என்று கேட்கப்போகும் அண்ணனும் கண்ணுக்குத் தெரிவார்கள். தூரத்து நாளுக்குக் கிடைக்கும் உற்சாகமான ‘ஆமா’வை அரைச் சம்மதமாக வைத்துக்கொள்வதே புத்தி.

எல்லப் பயணத்தில் இன்னொரு கோளாறும் உண்டு. முதல் முறை பார்க்கும் ஆளோடு முழு நாள் போவதற்கு, அதுவும் ரயிலில், அந்தப் பெண் வீட்டில் எவ்வளவு பெரிய பொய் சொல்லவேண்டியிருக்கும்? பொய்யின் அளவு கூடக்கூட ரத்தாகும் வாய்ப்பும் கூடும். அழைப்பவர் ஆணாக இருந்தால் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டுத்தான் இடத்தைச் சொல்லவேண்டும்.

மூன்றாவது அழைப்பு சரியாக அமைந்தது. அதை முழுதாகத் தருகிறேன், ஏனென்றால் இந்த அத்தியாயத்தில் நீங்கள் அப்படியே எடுத்துப் பயன்படுத்தக்கூடியது இதுதான்.

‘வாற ஞாயிறு நான் பண்டாரவளைக்கு வாறேன், சந்தையில சாமான் வாங்க. பதினொரு மணிக்கு பஸ் ஸ்டாண்ட் பக்கத்து பேக்கரியில ஒரு தேத்தண்ணி குடிப்போமா? ஒரு மணித்தியாலம்தான். தங்கச்சியையோ கூட்டாளியையோ கூட்டிட்டு வந்தாலும் சரி. ஏலாதுன்னா ஏலாதுன்னு சொல்லுங்க, பிரச்சினை இல்ல. சனிக்கிழமை ராத்திரிக்குள்ள சொன்னா போதும்.’

இதில் நாள் ஒரு கிழமைக்குள் இருக்கிறது. நேரம், இடம், எவ்வளவு நேரம் என்பது மூன்றும் தெளிவாக இருக்கின்றன. பண்டாரவளை ஞாயிற்றுச் சந்தைக்கு எல்லாத் தோட்டத்திலிருந்தும் ஆட்கள் வருவதால், அந்தப் பெண் அன்றைக்கு அங்கே நிற்பதற்கு யாரும் காரணம் கேட்கமாட்டார்கள். பையனுக்கும் அங்கே வேறு வேலை இருக்கிறது. அவர் வராவிட்டால் போன பயணம் வீணாகாது, அதனால் கோபப்படவும் இடமில்லை. எல்லாவற்றையும் விட முக்கியம் ‘ஏலாதுன்னா ஏலாதுன்னு சொல்லுங்க’ என்ற வரி. மறுக்க வாசலைத் திறந்து வைத்த பிறகும் ஒருவர் மங்கலாகவே பதில் சொன்னால், அந்த மங்கலுக்கு இப்போது ஒரு அர்த்தம் வந்துவிடுகிறது. முன்பு அப்படி இல்லை.

சந்தை வேண்டாம் என்றால் வேறு இடங்களும் இருக்கின்றன. அப்புத்தளையில் சேர் தோமஸ் வில்லியர்ஸ் 1931-இல் கட்டிய அடிசம் பங்களா இன்று பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம். கிழமை முடிவிலும் போயாவிலும் பாடசாலை விடுமுறையிலும் பார்வையாளருக்குத் திறந்திருக்கும். வெலிமடையிலிருந்து நுவரெலியா போகும் வழியில் ஹக்கல பூங்கா, அதைத் தாண்டினால் சீதா எலிய அம்மன் கோவில். குடும்பங்கள் நடமாடும் இடமாக இருக்கவேண்டும், பஸ் நிற்கும் தூரத்தில் இருக்கவேண்டும். பம்பரகந்த நீர்வீழ்ச்சி, தேயிலை மலை உச்சி என்றெல்லாம் முதல் சந்திப்புக்குக் கேட்பவர்களை நான் நம்புவதில்லை.

எதை எண்ணுவது

மூன்றாவது அழைப்புக்கு அந்தப் பெண் ‘சரி, வாறேன்’ என்றார். சனிக்கிழமை மாலை மறுபடியும் ரத்து. இம்முறை செய்தி இப்படி இருந்தது: ‘நாளைக்கு கொழுந்து வேலை போட்டிருக்காங்க. பிள்ளைக் காம்பராவ திறக்கணும். அடுத்த புதன் போயாவுக்கு பாக்கலாமா? அதே நேரம்.’

கொழுந்து குவியும் காலத்தில் ஞாயிற்றுக்கிழமையும் மலைக்குப் போகச் சொல்வார்கள். ஒன்றரை நாள் சம்பளம் என்பதால் ஆட்களும் போவார்கள். பால்குடி மறவாத பிள்ளையை வைத்திருக்கும் தாய் கூடையைத் தூக்கினால் பிள்ளைக் காம்பராவைத் திறந்துதான் ஆகவேண்டும். வெலிமடைக் கடைக்காரப் பையனுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அவன் காரணத்தைச் சோதிக்கத் தேவையே இல்லை. செய்தியின் இரண்டாவது பாதியைப் பார்த்தால் போதும். அவர் ஒரு நாளைத் தானே சொல்லியிருக்கிறார்.

இந்த அத்தியாயத்தின் அளவுகோல் அதுதான். ரத்துச் செய்தவர் மாற்று நாள் ஒன்றைத் தந்தாரா, தரவில்லையா. காரணம் எவ்வளவு நம்பத்தக்கது, எத்தனை தடவை மன்னிப்புக் கேட்டார், எத்தனை அழுகை முகம் போட்டார் என்பதெல்லாம் இரண்டாம் பட்சம். காரணம் சொல்வதற்கு ஒரு செலவும் இல்லை. மாற்று நாள் சொல்வதற்குத் தன் கிழமையை எடுத்துப் பார்த்து, வீட்டில் என்ன சொல்வது என்று யோசித்து, ஒரு இடத்தை ஒதுக்கவேண்டும். வர விருப்பமுள்ளவர் அதைச் செய்வார்.

‘பார்ப்போம்’, ‘சொல்றேன்’, ‘ஏலும்னா வாறேன்’ ஆகியவற்றை என்ன செய்வது? நம்மவர்கள் இதைப் படித்தே வளர்ந்தவர்கள், ஆனால் தம் விஷயம் என்று வந்தால் மறந்துவிடுகிறார்கள். பெண் பார்த்துவிட்டுப் போகும் மாப்பிள்ளை வீட்டார் ‘வீட்டுல பேசிட்டு சொல்லி அனுப்புறோம்’ என்று எழுந்தால், காப்பிக் கோப்பையை எடுக்க வரும் அத்தைக்குக்கூட விஷயம் விளங்கிவிடும். யாரும் பத்து நாள் கழித்து ஆள் அனுப்பி ‘என்ன முடிவு’ என்று கேட்பதில்லை. 1999-இல் செலியா கிட்சிங்கர், ஹன்னா ஃப்ரித் என்ற இரண்டு பிரித்தானிய ஆய்வாளர்கள் பெண்கள் எப்படி மறுக்கிறார்கள் என்பதை எழுதியபோது சொன்னதும் இதையொட்டியதுதான். அன்றாடப் பேச்சில் மனிதர்கள் நேராக ‘இல்லை’ என்று மறுப்பது அரிது. சற்றுத் தாமதிப்பார்கள், ஒரு நல்ல வார்த்தை சொல்வார்கள், பிறகு ஒரு காரணம் சொல்வார்கள், கேட்பவருக்கும் அது மறுப்பென்று புரியும். ஆகவே ‘அவர் வேண்டாமென்று சொல்லவில்லையே’ என்ற வாதம் எடுபடாது. நாளும் நேரமும் சொல்லி, மறுக்க வழியும் விட்டு அனுப்பிய அழைப்புக்கு ‘பார்ப்போம்’ என்று வந்தால், அதை மாற்று நாள் தராத ஒரு ரத்தாகவே எண்ணுங்கள்.

எண்ணக்கூடாதவையும் உண்டு. ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை ஊவாவில் மழைக்காலம். 2014 ஒக்டோபர் 29-ஆம் திகதி மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போன காலையை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது பதுளை மாவட்டத்தின் றோட்டுகளும் மலையகத்து ரயில் பாதையும் என்ன பாடுபட்டன என்பதும் தெரிந்ததே. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விட்டிருக்கும் நாளில் யாராவது ‘மழையா இருக்கு, வரல’ என்றால் அது ரத்து அல்ல, நீங்களே சொல்லியிருக்கவேண்டியது. அதேபோல மரண வீடு, தோட்டத் திருவிழா, சம்பளத்துக்கு முந்திய கடைசிக் கிழமை. கடைசியாகச் சொன்னதைப் பலர் வெளியே சொல்ல வெட்கப்படுவார்கள். கையில் பஸ் காசு இல்லை என்பதை ‘தலைவலி’ என்றுதான் எழுதுவார்கள். மாதத்தின் ஒரே கட்டத்தில் மட்டும் ரத்தாகிறதா என்று கவனியுங்கள். அப்படியென்றால் சம்பளம் வந்த பிறகு வரும் ஞாயிறைக் கேளுங்கள், அல்லது அவருடைய டவுனுக்கு நீங்கள் போங்கள்.

இவற்றைக் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் கணக்கு. மாற்று நாள் தராத முதல் ரத்துக்கு ‘சரி, பரவாயில்ல’ என்பதற்கு மேல் எழுதவேண்டாம். ஒரு கிழமை விட்டு இன்னொரு முறை, முன்பு சொன்ன அதே முறையில் அழைக்கலாம். அதுவும் மாற்று நாள் இல்லாமல் ரத்தானால் அழைப்பதை நிறுத்திவிட்டு, நாள் சொல்லும் பொறுப்பை அவரிடம் கொடுத்துவிடுங்கள்: ‘எனக்கு உங்கள பாக்க விருப்பம்தான். உங்களுக்கு வசதியான நாள் வந்தா நீங்க சொல்லுங்க, நான் வாறேன்.’ இவ்வளவுதான். ‘நான் இனிமே கேக்கமாட்டேன்’ என்று சேர்க்காதீர்கள், அது மிரட்டல் போலக் கேட்கும். கேட்காமல் இருந்தால் போதும்.

பிறகு ஒரு மாதம். மாதம் என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தோட்டத்திலோ கடையிலோ வேலை செய்பவருக்கு ஒரு மாதத்தில் நான்கைந்து ஞாயிறும் ஒரு போயாவும் வருகின்றன. அதில் இரண்டு வேலையில் போகட்டும், ஒன்று மழையில் போகட்டும், ஒன்று கோவிலில் போகட்டும். மிச்சமிருக்கும் ஒன்றையாவது உங்களுக்கென்று சொல்ல அவருக்குத் தோன்றியிருக்கவேண்டும். இரண்டு கிழமை போதாது, ஏனென்றால் அந்த இரண்டு ஞாயிறும் உண்மையிலேயே கொழுந்து வேலையாக இருக்கலாம். இரண்டு மாதம் அதிகம். அவ்வளவு காத்திருப்பவர் பதிலைத் தெரிந்துகொண்டே தள்ளிப்போடுகிறார்.

மாற்று நாள் தருகிறார், அதையும் ரத்துச் செய்கிறார், மறுபடி தருகிறார் என்று சிலர் இருப்பார்கள். இவர்களைத்தான் விட மனம் வராது. இங்கே எண்ணிக்கை மூன்று. அவரே சொன்ன நாள் மூன்று முறை நடக்காமல் போனால், சந்திப்பைத் தள்ளிவைத்து ஒரு பத்து நிமிட வீடியோ அழைப்பைக் கேளுங்கள். லயத்தில் ஆள் நடமாட்டம் இருக்கும், சிக்னல் இருக்காது, போன் தம்பியிடம் இருக்கும் என்பதெல்லாம் உண்மை. அதனால் நேரத்தை அவரே தெரிவு செய்யட்டும். வேலைக்குப் போகும் வழியிலோ, டவுனுக்கு வரும் நாளிலோ எங்காவது நின்று பத்து நிமிடம் கதைக்க முடியும். அதுவும் முடியவில்லை என்றால், ஒன்று அவர் படத்தில் இருப்பவர் அல்ல, அல்லது அவர் வாழ்க்கையில் உங்களிடம் சொல்லாத ஒருவர் இருக்கிறார். எது என்று கண்டுபிடிப்பது உங்கள் வேலை அல்ல.

பயணம் தொடங்குவதற்கு முன்

ரத்துகளில் மிகவும் வலிப்பது, நீங்கள் பஸ்ஸில் ஏறிய பிறகு வருவது. வெலிமடையில் ரயில் இல்லை. பண்டாரவளைக்குப் போவதென்றாலும் நுவரெலியாவுக்குப் போவதென்றாலும் வளைவு வளைவாக ஒரு மணித்தியாலப் பஸ். போய் நின்றபின் ‘இன்னைக்கு முடியல’ என்று வந்தால் அரை நாள் போய்விடும். இதைத் தடுப்பது சுலபம். முதல் நாள் இரவு ‘நாளைக்கு 11 மணி, சரிதானே?’ என்று ஒரு செய்தி. காலை எட்டு மணிவரை பதில் இல்லையென்றால் ‘பதில் வரல, அதனால நான் கிளம்பல. இன்னொரு நாள் பாப்போம்’ என்று எழுதிவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். குற்றம் சாட்டாத அந்த ஒரு வரியே போதும். டேட்டா முடிந்து போய்ப் பதில் போட முடியாமல் இருந்தவர் அன்று மாலையே பதறிக்கொண்டு எழுதுவார், நாளும் சொல்வார். மற்றவர் ஒன்றும் நடக்காதது போல அடுத்த நாள் ‘சாப்பிட்டீங்களா’ என்பார். இரண்டு பேரையும் பிரித்துக்காட்ட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

கொழும்பில் இருப்பவர்

இதுவரை தோட்டத்தில் இருப்பவர் வர முடியாத கதையைச் சொன்னேன். இதற்கு நேரெதிரான ஒன்று அடிக்கடி நடக்கிறது, பாதிக்கப்படுவது பெரும்பாலும் பெண்கள். பையன் ஊர் பதுளைப் பக்கம், வேலை புறக்கோட்டையில் ஒரு கடையில். பெண் வெலிமடையில் பாலர் பாடசாலை ஆசிரியை. அவன் சொல்வது எப்போதும் ஒன்றுதான்: ‘தீபாவளிக்கு ஊருக்கு வரும்போது பாப்போம்.’ தீபாவளிக்கு வந்தான். மூன்று நாள் நின்றான். கூட்டாளிகளோடு தியலும நீர்வீழ்ச்சியில் நின்று எடுத்த படங்களை ஸ்டேட்டஸில் போட்டான். பெண் கேட்டதற்கு ‘டைமே கிடைக்கல, பொங்கலுக்கு கட்டாயம்’ என்றான்.

கொழும்புக் கடையில் வேலை செய்பவருக்கு ஊருக்கு வர வருடத்தில் கிடைப்பது தீபாவளி, தைப்பொங்கல், சித்திரைப் புத்தாண்டு என்று சில வாய்ப்புகள்தான். அதனால் ‘பொங்கலுக்கு’ என்பது கேட்க நியாயமாக இருக்கும். அதேசமயம், வாய்ப்புகள் குறைவாக இருப்பதால் ஒவ்வொன்றின் எடையும் கூடுகிறது. தோட்டத்துப் பெண்ணுக்குச் சொன்ன ஒரு மாதக் கணக்கு இவருக்கு இல்லை. ஊருக்கு வந்து, நேரம் இருந்து, வேறு இடத்துக்கும் போய்வந்து, உங்களை மட்டும் பார்க்காத ஒரு பயணம் போதும். அந்த ஸ்டேட்டஸ் படத்தை வைத்துச் சண்டை பிடிக்கத் தேவையில்லை. படம் சொன்னதை ஏற்றுக்கொண்டால் போதும். பொங்கலுக்கு நாள் குறித்து அவனே கேட்டால் யோசிக்கலாம், நீங்கள் கேட்கவேண்டாம்.

இப்படிப்பட்டவரை விடுவது ஏன் கடினம் என்றால், அவர் கெட்டவராக நடந்துகொள்வதில்லை. இரவு பத்து மணிக்குக் கடை பூட்டியதும் குரல் செய்தி அனுப்புவார். காய்ச்சல் என்றால் விசாரிப்பார். கொழும்பில் அறையில் நாலு பேரோடு படுத்திருப்பவருக்கு அந்த நேரத்தில் கதைக்க ஒரு ஆள் வேண்டும். நீங்கள் அந்த ஆளாக இருக்கிறீர்கள். அதில் பொய் இல்லை, ஆனால் அது நீங்கள் எதிர்பார்ப்பதும் இல்லை. போனில் மட்டும் இருக்கும் சிநேகிதம் உங்களுக்குப் போதுமென்றால் வைத்துக்கொள்ளுங்கள். அதைத் திருமணத்துக்கான காத்திருப்பாக நினைத்து, வீட்டுக்கு வரும் சம்பந்தங்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டு இருக்காதீர்கள்.

காசு கேட்டால்

சந்திப்பதற்கு முன்பே ரீலோட், பஸ் காசு, ‘அம்மாவுக்கு மருந்து’ என்று கேட்டால் மேலே சொன்ன எந்தக் கணக்கும் வேண்டாம். அங்கேயே நிறுத்துங்கள். ‘வரத்தான் இருந்தேன், காசு இல்ல, இந்த நம்பருக்குப் போடுங்க’ என்பது, ரத்தையும் காசையும் ஒன்றாகக் கட்டும் பழைய உத்தி. உண்மையிலேயே காசில்லாதவருக்கு உதவ விரும்பினால், அவர் டவுனுக்கு நீங்கள் போகலாம். அதை அவர் மறுத்தால் விளங்கிவிடும். படங்களை வைத்து மிரட்டினாலோ கணக்கு போலி என்று தெரிந்தாலோ, செய்திகளை அழிக்காமல் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைத்துக்கொண்டு, இலங்கை சேர்ட் நிறுவனத்தின் 101 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம், பொலிஸிலும் முறையிடலாம்.

நிறுத்திய பிறகு

கடைசிச் செய்தி அனுப்பத்தான் வேண்டுமா? ‘வசதியான நாள் வந்தா நீங்க சொல்லுங்க’ என்று ஏற்கனவே எழுதியிருந்தால் அதுவே கடைசிச் செய்தி. அதற்கு மேல் விளக்கக் கடிதம், நீளமான குரல் செய்தி, பொதுவான கூட்டாளி மூலம் தூது எல்லாம் வேண்டாம். முக்கியமாக, ஆண்களுக்கு: அவர் தோட்டத்து பஸ் ஸ்டாண்டில் போய் நிற்காதீர்கள், பிள்ளைக் காம்பரா பக்கம் ‘சும்மா வந்தேன்’ என்று தலைகாட்டாதீர்கள். நேரில் பார்த்தால் மனம் மாறும் என்று உங்களுக்குத் தோன்றலாம். லயத்தில் பத்துப் பேர் பார்த்துவிட்டால் அதற்கு விலை கொடுப்பது அந்தப் பெண். பிறகு ஒரு வருடத்துக்கு அவரை டவுனுக்கு விடமாட்டார்கள். அவர் ஏன் மங்கலாகவே கதைத்தார் என்பதற்கு அந்தப் பயமே காரணமாக இருந்திருக்கக்கூடும்.

வெலிமடை பெரிய ஊர் அல்ல. அடுத்த மாதமே டவுனில் எதிரெதிராக வரலாம். தனியாக இருந்தால் ‘எப்படி இருக்கீங்க’ என்று கேட்டுவிட்டு நடக்கலாம். வீட்டாரோடு இருந்தால் தெரியாதது போலப் போய்விடுங்கள், அவர் அதற்கு நன்றி சொல்வார். எந்த நிலையிலும் ‘ஏன் வரல’ என்று றோட்டில் நின்று கேட்கவேண்டாம்.

மூன்று நான்கு மாதம் கழித்து ‘ஹாய், மறந்துட்டீங்களா’ என்று அவரே எழுதுவதும் உண்டு. திருவிழா முடிந்திருக்கும், ஒரு சம்பந்தம் பேசிக் கலைந்திருக்கும், அல்லது வெறும் மழைநாளாக இருக்கும். பதில் போடலாம், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. பழைய ரத்துகளை எடுத்து விரிக்கவும் வேண்டாம். ஆனால் சந்திப்பு என்ற பேச்சு வந்தால் இம்முறை நாள், நேரம், இடம் மூன்றையும் அவர் சொல்லவேண்டும். ‘நீங்களே சொல்லுங்க’ என்று பந்தைத் திருப்பினால், ‘இல்ல, இந்த முறை நீங்க’ என்று ஒரே ஒரு தடவை சொல்லுங்கள். சொன்னால் போங்கள், முதல் நாள் இரவு உறுதிப்படுத்திக்கொண்டு. மறுபடி ‘சரி, பார்ப்போம்’ என்று வந்தால் ‘சரி’ என்று எழுதிவிட்டு அறிவித்தல் ஒலியை அணைத்துவிடலாம்.